H அழுத்தினால் அடிப்பகுதிக்குப் போகும் பக்கம்

அலுவலகத்தின் விடுப்பு விதிகளை ஒரே வலைப்பக்கத்தில் தொகுக்கும் வேலை என்னிடம் வந்தது. ஐந்து வகை விடுப்பு, ஒவ்வொன்றுக்கும் தகுதி, ஆவணங்கள், படிவம். மேலே ஒரு விளக்கக் காணொளி. படங்களுக்கெல்லாம் மாற்று உரை எழுதினேன். வெறும் அலங்காரப் படங்களுக்கு `alt=""` என்று காலியாக விட்டேன். அணுகல் சோதனைக் கருவி படங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. வேறு சில எச்சரிக்கைகள் வந்தன. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன்.

கணக்குப் பிரிவில் பார்வையற்ற சக ஊழியர் ஒருவர் இருக்கிறார். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் பல வருடங்களாகப் பயன்படுத்துபவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்தை ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொன்னேன். படங்களைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் படங்களைத் தேடவே இல்லை. முதலில் H விசையைத் தட்டினார்; அடுத்த தலைப்புக்குத் தாவும் விசை அது. பக்கத்தின் பெயர் ஒலித்தது. மறுபடி H. "தலைப்பு நிலை 4, தொடர்புக்கு" என்றது. நேராகப் பக்கத்தின் அடிப்பகுதி.

"நடுவுல ஒண்ணுமே இல்லையா தம்பி?"

நடுவில்தான் எல்லாமே இருந்தது. ஐந்து விடுப்புகளின் பெயர்களும் பெரிய தடித்த எழுத்தில் இருந்தன. ஆனால் அவை கண்ணுக்குத்தான் தலைப்பு. எச்டிஎம்எல்லில் வெறும் பத்திகள். பக்கத்தின் பெயரை விட்டால், அடிப்பகுதியில் இருந்த "தொடர்புக்கு" மட்டும் உண்மையான தலைப்பு. அதுவும் `h4`, ஏனென்றால் அந்த அளவு எழுத்து பார்க்க நன்றாக இருந்தது. அளவுக்காக நிலையைத் தேர்ந்தெடுத்தது என் தவறு. எழுத்தின் அளவை சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். நிலை என்பது எது எதற்குள் அடங்குகிறது என்பதைச் சொல்வது. சோதனைக் கருவி போலித் தலைப்புகளைப் பிடிக்கவில்லை, தடித்த பத்தி ஒன்றைத் தலைப்பாக நினைத்துத்தான் எழுதினேன் என்று அதற்கு எப்படித் தெரியும்?

```html
<p class="periya-ezhuthu">மருத்துவ விடுப்பு</p>

<h2>மருத்துவ விடுப்பு</h2>
<h3>தேவையான ஆவணங்கள்</h3>
```

மேலே உள்ள வரி பழையது, கீழே உள்ளவை புதியவை. ஆனால் ஒரே தாவலில் இங்கே வந்துவிடவில்லை. முதல் திருத்தத்தில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் `h2` ஆக்கிவிட்டேன். அவர் Insert+F7 அழுத்தித் தலைப்புப் பட்டியலைத் திறந்தார். "தேவையான ஆவணங்கள்" ஐந்து முறை, "யாருக்குக் கிடைக்கும்" ஐந்து முறை, எல்லாம் ஒரே வரிசையில். எந்த ஆவணம் எந்த விடுப்புக்கு என்று அந்தப் பட்டியலில் பிரித்தறிய வழியில்லை. உட்தலைப்புகளை `h3` ஆக்கிய பிறகு 2 விசையைத் தட்டித் தட்டி ஐந்து விடுப்புகளையும் தாண்டினார். வேண்டிய இடத்தில் நின்று 3 விசையால் உள்ளே போனார். `h2`-க்குப் பிறகு நேராக `h4` வைப்பது விதிப்படி தோல்வி ஆகாது. ஆனால் நடுவில் எதையோ தவறவிட்டோமோ என்று கேட்பவர் திரும்பிப் போய்த் தேடுவார். அவர் அப்படித் தேடியதைப் பார்த்தேன்.

அதே சாளரத்தில் இணைப்புகளின் பட்டியலும் இருக்கிறது. அதைத் திறந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமும். இங்கே, இங்கே, இங்கே, மேலும் படிக்க, இங்கே. பத்தியில் வைத்துப் படித்தால் "படிவத்தைப் பெற இங்கே சொடுக்கவும்" என்பது புரிகிறது. பட்டியலில் அந்தப் பத்தி கூடவே வராது. "மருத்துவ விடுப்புப் படிவம் (பிடிஎஃப்)" என்று மாற்றினேன். வாக்கியமும் சுருங்கியது.

அட்டைகளின் கீழே இருந்த "மேலும்" பொத்தான்களை மட்டும் வடிவமைப்பாளர் நீட்ட விடவில்லை. சரி, பார்வைக்கு "மேலும்" இருக்கட்டும், திரைவாசிப்பானுக்கு வேறு சொல்லலாம் என்று `aria-label="விதிகளைத் திற"` என்று போட்டேன். அது புதுத் தப்பு. குரலால் கணினியை இயக்குபவர் திரையில் தெரிவதைப் படித்துத்தான் கட்டளை சொல்வார். அவர் "மேலும்" என்று சொன்னால், அந்தப் பெயரில் எந்தப் பொத்தானும் இல்லை. திரையில் தெரியும் சொல் பெயருக்குள்ளும் இருக்க வேண்டும். "மேலும்: மருத்துவ விடுப்பு" என்று வைத்ததும் இருவருக்கும் ஒத்துப்போனது.

நிறத்தில் சிக்கல் வேறு வழியாகத் தெரிந்தது. பார்வை மங்கிய இன்னொரு ஊழியர் திரையைப் பெரிதாக்கிப் படிப்பவர். ஒவ்வொரு விடுப்பின் கீழும் "அரை நாளுக்குப் பொருந்தாது" போன்ற குறிப்புகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. அங்கே எழுத்து இருப்பதே தனக்குத் தெரியவில்லை என்றார். வடிவமைப்பாளர் கோப்பைக் காட்டினார்: `#333333`. நல்ல கருமை, குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த வரிக்கு `opacity: 0.5` என்று யாரோ சேர்த்திருந்தார்கள். வெள்ளைப் பின்னணியில் அது பாதியாக வெளிறி `#999999` ஆகிவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாட்டு விகிதத்தை அளந்தால் 2.85:1. வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டி சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 போதும். எங்கள் குறிப்புகளோ பக்கத்திலேயே சிறிய எழுத்து.

ஒளிபுகுதன்மையை எடுத்துவிட்டு `#777777` கொடுத்தார். 4.48. "அதான் நாலரை ஆச்சே" என்றார். முழுமையாக்க அனுமதி இல்லை, 4.48 தோல்விதான். `#767676` என்றால் 4.54, ஒரே படி கருமையில் தேறிவிடும். நூலிழையில் தேறுவது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் பேசி `#595959`-இல் நின்றோம், 7:1. அந்த ஊழியர் அடுத்த வாரம், "இந்தக் குறிப்பெல்லாம் புதுசா போட்டீங்களா?" என்று கேட்டார்.

காணொளியைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன், கேப்ஷன் தானாகவே வந்துவிட்டது என்ற தைரியத்தில். ஆறு நிமிடக் காணொளி. ஒலியை நிறுத்திவிட்டு கேப்ஷனை மட்டும் படித்தேன். முதல் நிமிடத்திலேயே "15ஆம் தேதிக்குப் பிறகு விண்ணப்பம் ஏற்கப்படும்" என்று ஓடியது. பேசியவர் சொன்னது "ஏற்கப்படாது". விதியே தலைகீழ். தமிழில் எதிர்மறை வினையின் கடைசியில்தான் ஒட்டியிருக்கிறது. பேசுபவர் அதை விழுங்கினால் தானியங்கி எழுத்தும் விழுங்கிவிடும். அதன்பிறகு எண்களையும் வாக்கியத்தின் கடைசிச் சொற்களையும் ஒவ்வொன்றாக ஒலியோடு ஒப்பிட்டேன். இரண்டு பேர் பேசும் பகுதியில் யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்று பெயர் சேர்த்தேன்.

ஓரிடத்தில் கேப்ஷன் திரையின் அடியில் இருந்த மின்னஞ்சல் முகவரியை மறைத்தது. அந்த ஒரு வரியை மட்டும் மேலே ஏற்றினேன்.

```
00:04:12.000 --> 00:04:16.500 line:10%
படிவத்தை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்.
```

ஆறு நிமிடத்துக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது. மறுநாள் கணக்குப் பிரிவு அண்ணா தன் விடுப்புப் படிவத்தை யாரையும் கேட்காமல் எடுத்து நிரப்பி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: "படிவத்தோட பிடிஎஃப்புக்குள்ள தலைப்பே இல்ல தம்பி."