சூத்திரத் தாளைப் பாடவாரியாக எழுதாதீர்கள்

நான் முதலில் எழுதிய இயற்பியல் சூத்திரத் தாள் பாடப் புத்தகத்தின் பொருளடக்கம் போலவே இருந்தது. இயக்கவியல், விசை, வேலை, உந்தம் என்று பாடவாரியாக எல்லாச் சூத்திரங்களும் அதில் இருந்தன. மனப்பாடமும் ஆகியிருந்தது. ஆனால் மாதிரித் தேர்வில் கணக்கைப் படித்ததும் எதை எடுப்பது என்றே தெரியவில்லை. கணக்கு எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்று வினாத்தாளில் எழுதியிருக்காது அல்லவா?

தவறிய கணக்குகளை உட்கார்ந்து பார்த்தேன். சூத்திரம் மறந்ததால் போனவை மிகக் குறைவு. இடம் தெரியாமல் சரியான சூத்திரத்தைத் தவறான கட்டத்தில் போட்டதால் போனவைதான் அதிகம். அதனால் தலைப்புகளையே மாற்றினேன். பாடத்தின் பெயர் இருந்த இடத்தில், கணக்கு என்ன தருகிறது, என்ன கேட்கிறது என்று எழுதினேன்.

முதலில் மாறியது சீரான முடுக்கம் பகுதி. இங்கே ஐந்து அளவுகள்: u, v, a, s, t. பொதுவாக மூன்றைத் தந்து நான்காவதைக் கேட்பார்கள். ஐந்தாவது பேச்சிலேயே வராது. பேச்சில் வராத அந்த அளவுதான் தலைப்பு.

```
t வரவில்லை : v² = u² + 2as
s வரவில்லை : v = u + at
v வரவில்லை : s = ut + ½at²
a வரவில்லை : s = ½(u + v)t
```

இதன் மேலேயே "முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டும்" என்று சிவப்பில் எழுதினேன். சுருள்வில் தள்ளும் கட்டைக்கு இவற்றில் எதுவும் செல்லாது, ஏனென்றால் வில் விரிய விரிய விசை குறைகிறது, முடுக்கமும் குறைகிறது. அந்தக் கணக்கு "இரண்டு இடங்களில் வேகம் அல்லது உயரம் கேட்கிறார்கள், நேரம் கேட்கவில்லை" என்ற அடுத்த தலைப்புக்குப் போய்விடும். அங்கே ½mv², mgh, ½kx² மூன்றும் சேர்ந்து இருக்கும். நிபந்தனை: உராய்வு போன்ற விசைகள் வேலை செய்யக்கூடாது, செய்தால் அந்த வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது தலைப்பு "மோதல், வெடிப்பு, ஒட்டிக்கொள்ளுதல்". இங்கே உந்த மாறாமை மட்டும். மோதும் அந்தச் சிறு நேரத்தில் வெளிவிசையின் தாக்கம் புறக்கணிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். மீட்சி மோதல் என்று சொல்லியிருந்தால்தான் இயக்க ஆற்றல் மாறாமையையும் சேர்க்கலாம்.

இந்த இரண்டு தலைப்புகளையும் பிரித்து வைத்ததன் பலனை ஒரே கணக்கில் பார்த்துவிடலாம். நூலில் தொங்கும் 1.99 கிலோ மரக்கட்டைக்குள் 10 கிராம் குண்டு 400 மீ/வி வேகத்தில் பாய்ந்து தங்கிவிடுகிறது. கட்டை எவ்வளவு உயரம் எழும்? (g = 10 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம்.)

பழைய தாளோடு நான் செய்தது இது: வேகம் தந்திருக்கிறார்கள், உயரம் கேட்கிறார்கள், ஆகவே ஆற்றல் மாறாமை. குண்டின் ஆற்றல் ½ × 0.01 × 400² = 800 ஜூல். அதை 2 × 10 × h-க்குச் சமப்படுத்தினால் h = 40 மீட்டர்! மேசையில் வைத்துச் செய்யும் சோதனையில் கட்டை பல மாடி உயரம் போகிறது. இப்படி நம்ப முடியாத விடை வந்தால், தவறான தலைப்பில் இருக்கிறோமோ என்று உடனே சந்தேகப்பட வேண்டும்.

புதிய தாளில் "தங்கிவிடுகிறது" என்ற சொல்லே மூன்றாவது தலைப்புக்கு இழுத்துக்கொண்டு போகும். 0.01 × 400 = 2 × V, ஆகவே V = 2 மீ/வி. மோதல் முடிந்தது. அப்புறம் கட்டை ஊசலாக எழுகிறது; நூலின் இழுவிசை இயக்கத்துக்குச் செங்குத்து என்பதால் வேலை செய்வதில்லை. இப்போதுதான் இரண்டாவது தலைப்பு: h = V²/2g = 0.2 மீட்டர். மோதலுக்குப் பிறகு மிஞ்சிய ஆற்றல் வெறும் 4 ஜூல். மீதி 796 ஜூல் வெப்பமாகவும் மரத்தைச் சிதைப்பதிலும் போய்விட்டது. அதை நான் முன்பு கணக்கில் கொள்ளவே இல்லை.

ஆக, ஒரு கணக்கு ஒரே தலைப்பில் அடங்க வேண்டியதில்லை. எந்த நொடியில் தலைப்பு மாறுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வினாவின் மேலேயே ஒரு கோடு போட்டுக்கொள்வது என் பழக்கம். நூலில் கட்டிய கல் செங்குத்து வட்டத்தை முழுதாகச் சுற்றக் குறைந்தது எவ்வளவு வேகம் வேண்டும் என்ற கணக்கும் இப்படித்தான்: உச்சியில் mg = mv²/r என்பது விசைத் தலைப்பு, கீழே வேண்டிய வேகம் ஆற்றல் தலைப்பு. இரண்டையும் சேர்த்தால் கீழே v² = 5gr. இந்த 5gr-ஐ நான் தாளில் எழுதவில்லை. நூலுக்குப் பதில் எடையற்ற விறைப்பான கம்பி இருந்தால் உச்சியில் வேகம் சுழியாகலாம். அப்போது 4gr போதும். முடிவை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தாளை ஒரே நாளில் எழுதி முடிக்க வேண்டாம். தலைப்புகளை மட்டும் இடம்விட்டு எழுதுங்கள். ஒரு கணக்கைப் போட்டு முடித்த பிறகு அதில் பயன்பட்ட சூத்திரத்தையும், அதைத் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருந்த வினாவின் சொல்லையும் பக்கத்தில் குறியுங்கள். "வழுக்காமல் உருள்கிறது", "கணநேரம் நிற்கிறது", "ஒட்டிக்கொண்டு நகர்கிறது" போன்ற சொற்கள் என் தாளின் இடது ஓரத்தை நிரப்பியிருந்தன. தேர்வுக்கு முந்தைய இரவு நான் படித்தது அந்த ஓரத்தை மட்டும்தான்.