இரண்டு மாதச் சம்பளப் பதிவேட்டை ஒப்பிட்டு செக்கருக்கு ஒரு பக்கம்

ஃபைனான்ஸில் சம்பளத்தைச் சரிபார்க்கும் செக்கர் கேட்பது ஒன்றுதான்: போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் என்ன, அதற்குக் கடிதம் இருக்கிறதா? இதற்கு இரண்டு பதிவேட்டின் நிகரச் சம்பளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அதில் பயன் குறைவு. வருமான வரிப் பிடித்தம், கடன் தவணை, முன்பணம் எல்லாம் மாதாமாதம் மாறுவதால் பாதிப் பேருக்கு நிகரம் மாறியிருக்கும். ஒப்பிட வேண்டியது பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தை. அதற்கும் முன்னால், ஒருவருக்கு நிர்ணயித்த மாதச் சம்பளத்தை.

முதல் வேலை எம்ப்ளாயி கோடைச் சீராக்குவது. பெயரை வைத்துத் தேடவே கூடாது. இனிஷியல் முன்னால் ஒரு மாதம், பின்னால் ஒரு மாதம் என்று வரும். கோடிலும் தொல்லை உண்டு. ஒரு கோப்பில் 0147 என்று எழுத்தாக இருக்கும், இன்னொன்றில் எக்செல் அதை 147 என்று எண்ணாக்கியிருக்கும். இரண்டு தாளிலும் Z நெடுவரிசையில் முதல் வரியைப் போட்டு, பிறகு செப்டம்பர் தாளில் வேறொரு காலி நெடுவரிசையில் இரண்டாவது வரியைப் போடலாம். A நெடுவரிசையில் நான்கு இலக்கக் கோடு, F நெடுவரிசையில் நிர்ணயச் சம்பளம், போன மாதமான ஆகஸ்ட் தாளின் பெயர் Aug என்று கொள்க.

```
=TEXT(TRIM(A2),"0000")
=XLOOKUP(Z2,Aug!Z:Z,Aug!F:F,"NEW")
```

NEW என்று வருபவர்கள் சேர்ந்தவர்கள். இதையே திருப்பி ஆகஸ்ட் தாளிலிருந்து செப்டம்பரில் தேடினால் விலகியவர்கள் கிடைப்பார்கள்.

இப்படி வருவது உத்தேசப் பட்டியல்தான். சேர்ந்தவர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் சேர்ந்த தேதியும் போன மாதக் கட்-ஆஃபுக்குப் பிறகு இருக்க வேண்டும். கட்-ஆஃப் 25 என்றால், ஆகஸ்ட் 27இல் சேர்ந்தவர் செப்டம்பரில்தான் முதலில் வருவார், அந்த ஐந்து நாள் சம்பளமும் சேர்ந்து. இரண்டு வருடம் முன்பு சேர்ந்தவர் இந்தப் பட்டியலில் தலைகாட்டினால், போன மாதம் முழுக்கச் சம்பளமில்லா விடுப்பில் இருந்திருப்பார். பூஜ்யச் சம்பள வரிகளைச் சில மென்பொருள்கள் பதிவேட்டில் காட்டுவதில்லை. விலகியவர் பட்டியலில் விலகிய தேதி இல்லாதவர்களுக்கும் இதே விளக்கம் பொருந்தும். மாறாக, ஃபுல் அண்ட் ஃபைனலையும் அதே பதிவேட்டில் ஓட்டினால், விலகியவர் இந்த மாதமும் இருப்பார். சம்பளம் மாறியவர் போலத் தெரிவார்.

இனி கணக்கு. உதாரணமாக ஆகஸ்டில் 212 பேர், மொத்தம் 68,40,000 ரூபாய். சேர்ந்தவர்கள் 5, அவர்களுக்கு 1,21,000. விலகியவர்கள் 3, ஆகஸ்டில் அவர்கள் வாங்கியது 96,000. இன்கிரிமென்ட் 18,000 கூடுதல், அதன் அரியர்ஸ் 36,000. ஆகஸ்ட் நடுவில் சேர்ந்தவர்கள் இப்போது முழு மாதம் வாங்குவதில் 22,000. போன மாத விடுப்புப் பிடித்தம் இந்த மாதம் இல்லாததால் 9,000 கூடுகிறது. இந்த மாத விடுப்பால் 14,500 குறைகிறது. செப்டம்பரில் 214 பேர், 69,35,500 வர வேண்டும். பதிவேட்டின் அடியில் இதே எண் இருந்தால் ஒரு படி முடிந்தது.

ஒரு படிதான். கோடு 0147 இருபக்கமும் பொருந்தாமல் போனால், அதே ஆள் விலகியவரிலும் சேர்ந்தவரிலும் வருவார். தலைக்கணக்கும் சரியாக வரும், ரூபாயும் வரும், பட்டியல் மட்டும் தப்பாக இருக்கும். கிளை மாறி புதுக் கோடு பெற்றவரும் அப்படியே. ஆகவே இரண்டு பட்டியலையும் யுஏஎன் எண்ணாலும் வங்கிக் கணக்காலும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். விலகியவரின் வங்கிக் கணக்கு புதிதாகச் சேர்ந்த வேறொரு பெயரில் நின்றால், அதை மெயிலில் கேட்காமல் நேரே மேலாளரிடம் கொண்டுபோவது நல்லது.

சம்பளம் மாறியவர்களில் கவனம் கேட்பது கலவை வித்தியாசம். ஒருவருக்கு 30,000 சம்பளம் ஜூலை 1 முதல் 33,000 ஆகிறது, கடிதம் செப்டம்பரில்தான் வருகிறது. அந்த மாதம் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு. பதிவேட்டில் 36,800, போன மாதத்தைவிட 6,800 கூடுதல். இந்த 6,800-ஐ எந்தக் கடிதத்திலும் காண முடியாது. பிரித்து எழுதினால் விகிதம் 3,000 கூடியது, இரண்டு மாத அரியர்ஸ் 6,000, விடுப்பு 33,000-ஐ 30ஆல் வகுத்து இரண்டால் பெருக்கி 2,200 கழிவு. முதலிரண்டுக்கும் இன்கிரிமென்ட் கடிதம், மூன்றாவதற்கு வருகைப் பதிவு. எனவே தாளில் விகித மாற்றம், அரியர்ஸ், நாள் மாற்றம் மூன்றுக்கும் தனித்தனி நெடுவரிசை வேண்டும். அடுத்த மாதம் இந்த 6,000 மறைய வேண்டும். மறையாவிட்டால் அரியர்ஸை ஒருமுறைத் தொகையாகப் போடாமல் மாதாந்திரத் தொகையாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அக்டோபர், ஏப்ரல் தாள்களில் மட்டும் ஒரு குறிப்பைக் கீழே சேர்த்துவிடலாம். இஎஸ்ஐ வரம்பான 21,000-ஐ அரையாண்டின் நடுவில் தாண்டியவருக்கு, அந்த அரையாண்டு முடியும்வரை பிடித்தம் தொடரும், பிறகுதான் நிற்கும். மொத்தம் மாறாமல் நிகரம் மட்டும் கூடியது ஏன் என்று செக்கர் கேட்டு எழுதும் மெயில்களில் பல இதனால் வருபவை.