மாற்றி எழுதிய கட்டணக் கடிதம்

எங்கள் பள்ளி அலுவலகத்தின் பழைய கடிதம் இது: "கட்டணம் செலுத்தத் தவறிவிட்டீர்கள். உடனே செலுத்தவும்."

இன்று இப்படி மாற்றினேன்: "வணக்கம். உங்கள் மகளின் இரண்டாம் பருவக் கட்டணம் இன்னும் எங்கள் கணக்கில் வரவில்லை. பாக்கித் தொகை கீழே உள்ளது. 20-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீது எண்ணை அனுப்புங்கள், சரிபார்க்கிறோம். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் அந்தத் தேதிக்கு முன்பே பேசுங்கள், தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம்."

'உடனே' என்றால் எந்த நாள் என்று யாருக்குத் தெரியும்? தேதி போட்டால்தான் தெளிவு.

அப்புறம், இதைப் பிள்ளையின் டைரியில் ஒட்டக் கூடாது, பெற்றோரின் கைப்பேசிக்கே போகட்டும். போன முறை ஒரு சிறுமி அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்தபடியே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.