ஹால் டிக்கெட்டில் மூன்று நேரம் இருந்தது

அக்கா மகளுக்கு நீட் தேர்வு, 2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. வீடு குடியாத்தம், சென்டர் வேலூர். அவளுடைய அப்பா வெளியூர் வேலையில் இருப்பதால், கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு தாய்மாமன் என்று எனக்கு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ராணிப்பேட்டையில் வேலை முடித்து பஸ் ஏறியபோது பாப்பா வாட்ஸ்அப்பில் ஹால் டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பினாள். "மாமா, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு லிஸ்ட் போட்டுடுங்க. அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

பஸ்ஸிலேயே உட்கார்ந்து லிஸ்ட் போட்டேன். படத்தில் பெயர், அப்ளிகேஷன் நம்பர், போட்டோ எல்லாம் தெளிவாக இருந்தன. நேரம் போட்டிருந்த கட்டத்துக்கு மேலே ஏதோ ஒரு நோட்டிஃபிகேஷன் வந்து விழுந்த நேரத்தில் படம் எடுத்திருக்கிறாள். அதற்குக் கீழே 01:30 PM என்று ஒன்றும், 02:00 PM என்று ஒன்றும் தெரிந்தன. சரி, ஒன்றரைக்கு உள்ளே போக வேண்டும், இரண்டு மணிக்குத் தேர்வு என்று எழுதிக்கொண்டேன். குடியாத்தத்திலிருந்து வேலூர் போக ஒரு மணி நேரம். வாடகைக் கார்க்காரருக்கு போன் போட்டு, "நாளைக்குப் பதினொன்றரைக்கு வந்துடுங்க" என்று சொல்லியும் விட்டேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஏழே கால். சாப்பிடுவதற்கு முன்னால் பாப்பாவின் போனில் பிடிஎஃப்பைத் திறக்கச் சொன்னேன். உண்மையில் சென்டர் விலாசத்துக்காகத்தான் கேட்டேன். ஸ்கிரீன்ஷாட்டில் பள்ளியின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அதே பெயரில் வேலூரில் இன்னொரு கிளையும் இருப்பதால் கார்க்காரரிடம் எது என்று சொல்லத் தெரியவில்லை. பிடிஎஃப்பைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் நோட்டிஃபிகேஷன் மறைத்திருந்த வரி கண்ணில் பட்டது. ரிப்போர்ட்டிங் டைம் 11:00 AM. நான் ரிப்போர்ட்டிங் என்று நினைத்த ஒன்றரை மணி, கேட் மூடும் நேரம்.

இந்த ஹால் டிக்கெட்டில் நேரம் என்று மூன்று இருக்கின்றன. தேர்வு மதியம் 2 முதல் 5 வரை, கேட் மூடுவது 1:30. இந்த இரண்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். ரிப்போர்ட்டிங் டைம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். வாசலில் கூட்டம் சேராமல் இருக்க வேளை பிரித்துக் கொடுக்கிறார்கள். எதிர் வீட்டுப் பையனுக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்டு அதையே வைத்துக்கொள்ள முடியாது. பதினொன்று தாண்டினால் வெளியே நிறுத்திவிடுவார்கள் என்பதல்ல. ஆனால் உள்ளே நுழைந்த பிறகு சோதனை, பயோமெட்ரிக் எல்லாம் இருக்கின்றன. ஒன்றரையைக் குறி வைத்துக் கிளம்புகிறவர்களுக்கு வழியில் ஒரு டயர் பஞ்சர் ஆனால் போதும். கார்க்காரரிடம் மறுபடி பேசி எட்டே முக்காலுக்கு வரச் சொன்னேன். "இன்னா சார், இப்பதான் பதினொன்றரைன்னீங்க" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தேன்.

அப்புறம் பஸ்ஸில் போட்ட லிஸ்ட்டைக் கிழித்துப் போட்டேன். தினசரி காலண்டரில் கிழித்த பழைய தாள்களை அக்கா சேர்த்து வைப்பாள். அதில் ஒன்றின் பின்பக்கத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை பாப்பா பிடிஎஃப்பை வரி வரியாகப் படித்தாள், நான் எழுதினேன்.

பிடிஎஃப் மூன்று பக்கம். அச்சடித்து வைத்திருந்ததோ ஒரே பக்கம். ஜெராக்ஸ் கடையில் "ஹால் டிக்கெட்" என்று சொன்னதும் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், இவளும் பார்க்காமல் வாங்கி வந்திருக்கிறாள். இரண்டாம் பக்கத்தில் போஸ்ட்கார்டு அளவு கலர் போட்டோ ஒட்டுவதற்கான பெரிய கட்டம் இருக்கிறது. 4க்கு 6 அங்குலம், வெள்ளைப் பின்னணி. மூன்றாம் பக்கம் முழுக்க விதிமுறைகள். பாஸ்போர்ட் அளவு போட்டோ வீட்டில் எட்டு இருந்தது, போஸ்ட்கார்டு அளவில் ஒன்றுகூட இல்லை. மணி எட்டு. நானும் பாப்பாவும் டூவீலரில் பஜாருக்கு ஓடினோம். நல்லவேளை, அப்ளிகேஷன் போடும்போது எடுத்த படம் ஸ்டுடியோக்காரரின் கம்ப்யூட்டரில் இருந்தது. பத்து நிமிடத்தில் பிரிண்ட் கையில் வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பி மூன்று பக்கத்தையும் எடுத்தோம். படமாக அனுப்பியிருந்தால் எழுத்து மங்கிப்போகும்.

திரும்பி வந்து முதல் பக்கத்தின் உறுதிமொழிப் பகுதியை நிரப்ப உட்கார்ந்தாள். பாஸ்போர்ட் போட்டோவை ஒட்டினாள். அக்கா பெற்றோர் இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஸ்டாம்பு பேடு இல்லாததால் பக்கத்துக் கடையில் வாங்கி வந்து பாப்பா இடது கைப் பெருவிரலை வைத்தாள். முதலில் ஒரு வெற்றுத்தாளில் இரண்டு முறை வைத்துப் பார்க்கச் சொன்னேன். மை அதிகமானால் ரேகை தெரியாமல் கறுப்பு வட்டமாகிவிடும், ரேகை தெளிவாக இருக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அடுத்து அவளுடைய கையெழுத்துக் கட்டம். பேனாவை வைக்கப் போனவளை "இரு, இரு" என்று நிறுத்தினேன். தேர்வு அறையில் கண்காணிப்பாளர் முன்னிலையில்தான் போட வேண்டும் என்று கட்டத்தை ஒட்டிச் சிறிய எழுத்தில் போட்டிருந்தது. ஸ்கிரீன்ஷாட் அதற்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துபோயிருந்தது. இரண்டாம் பக்கத்து பெரிய போட்டோவின் மேல் போடும் கையெழுத்தும் அப்படித்தான். போட்டோவை மட்டும் ஒட்டி அப்படியே விட்டோம்.

லிஸ்ட்டுக்கு வருகிறேன். ஹால் டிக்கெட்டில் எடுத்து வரலாம், எடுத்து வரக்கூடாது என்று இரண்டு பிரிவுதான். நானும் அப்படியே இரண்டு பத்தி போட்டு எழுதிக்கொண்டே வந்தேன், செல்போனில் வந்து முட்டியது. கூடாது என்ற பத்தியில் செல்போன், கைக்கடிகாரம், பர்ஸ், கைப்பை எல்லாம் வருகின்றன. அதற்காக வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியுமா? பொருட்களை வைத்துக்கொள்ள சென்டரில் எந்த ஏற்பாடும் இருக்காது என்றும் போட்டிருக்கிறது. அதனால் தாளை மூன்றாகப் பிரித்தேன். பாப்பாவோடு கேட்டுக்குள் போவது, கேட்டுக்கு வெளியே என்னிடம் இருப்பது, வீட்டை விட்டே கிளம்பாதது.

உள்ளே போகும் பத்தி பார்ப்பதற்கே பாவமாக இருந்தது. ஒட்டி நிரப்பிய மூன்று பக்க ஹால் டிக்கெட், அறையில் வருகைப் பதிவுத் தாளில் ஒட்டுவதற்குத் தனியாக ஒரு பாஸ்போர்ட் போட்டோ, ஒரிஜினல் ஆதார், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான். ஆதாரின் ஜெராக்ஸ் செல்லாது, அட்டெஸ்டேஷன் வாங்கியிருந்தாலும் செல்லாது, போனில் இருக்கும் படமும் செல்லாது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து அக்கா ஒரிஜினலைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பாட்டிலின் லேபிளை நானே பிய்த்துவிட்டேன். அப்படிச் செய்யச் சொல்லி எங்கும் எழுதவில்லை, வாசலில் ஒரு பேச்சு குறையட்டும் என்றுதான்.

பேனாவில்தான் வீட்டில் சண்டை வந்தது. பிளஸ் டூ பரீட்சை ஞாபகத்தில் அக்கா ஒரு பாக்கெட் கறுப்புப் பந்துமுனைப் பேனா வாங்கி, எழுதுகிறதா என்று ஒவ்வொன்றையும் கிறுக்கிப் பார்த்து வைத்திருந்தாள். பேனா கூடாது, சென்டரிலேயே தருவார்கள் என்றேன். "பரீட்சைக்குப் பேனா இல்லாமப் போவாங்களாடா?" என்று நம்பவே மாட்டேன் என்றாள். பாப்பா அந்த வரியைப் படித்துக் காட்டிய பிறகும் முகம் தெளியவில்லை. பென்சில், ரப்பர், ஸ்கேல், எழுதும் அட்டை, அவற்றைப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பவுச் எல்லாமே தடை. எல்லாம் மூன்றாவது பத்திக்குப் போனது.

துணியில் பெரிய தொல்லை இல்லை. முழுக்கை கூடாது, ஷூ கூடாது, உயரம் குறைந்த செருப்பு போடலாம். அரைக்கை காட்டன் சுடிதார் எடுத்து வைத்தாள்.

மூக்குத்திதான் ராத்திரி பத்தரை வரை இழுத்தது. நகை, உலோகம் எதுவும் கூடாது. தோடும் கொலுசும் உடனே கழன்றன. மூக்குத்தி போன மாதம்தான் குத்தியது. திருகு இறுகிப் போயிருந்தது, தொட்டாலே கண்ணில் தண்ணீர் வந்தது. என் அம்மா தேங்காய் எண்ணெயை விரல் நுனியில் தொட்டுத் திருகைச் சுற்றித் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, உள்பக்கத்தை ஒரு விரலால் தாங்கிக்கொண்டு மெதுவாகத் திருப்பினார். கழன்றதும், துவாரம் தூர்ந்துவிடக் கூடாது என்று சின்னதாக ஒடித்த தென்னை ஈர்க்கு ஒன்றைச் சொருகினார். இதைக் காலையில் கிளம்புகிற நேரத்தில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மூக்குத்தியைத் தீப்பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். நடுப் பத்தியில் ஒரு வரி கூடியது.

நேரத்தைச் சரியாக எழுதிய பிறகுதான் சாப்பாடும் யோசனைக்கு வந்தது. பதினொன்றுக்கு உள்ளே போனால் ஐந்து மணிக்கு மேல்தான் வெளியே வருவாள். உள்ளே பிஸ்கட் பாக்கெட்கூட எடுத்துப் போக முடியாது. அதனால் காலை எட்டு மணிக்கு இட்லி, சென்டர் வாசலில் காருக்குள்ளேயே பத்தரைக்குத் தயிர் சாதம் என்று எழுதினேன். சாப்பிடும் நேரத்தை எந்த ஹால் டிக்கெட்டும் சொல்லாது.

படுக்கப் போவதற்கு முன் தாளை அவள் கையில் கொடுத்து, நான் பிடிஎஃப்பைப் படித்தேன். எழுதியவனே சரிபார்த்தால் தான் எழுதியதைத்தான் மறுபடி பார்ப்பான். ஒரு விடுதல் கிடைத்தது: தலைக்குப் போடும் கிளிப். அதில் இரும்புக் கம்பி இருந்தது. துணி ரப்பர் பேண்டு என்று மாற்றி எழுதினோம்.

மறுநாள் பத்தே காலுக்கு சென்டர் வாசலில் இருந்தோம். அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாள், வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தயிர் சாதம் சாப்பிட்டாள். பதினொன்றுக்கு உள்ளே போனாள். சோதனை செய்த பெண் ஈர்க்கைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாராம், சொன்னதும் போகச் சொல்லிவிட்டாராம். ஒன்றேகால் வாக்கில் ஒரு பையன் வாசலில் ஷூவைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். அப்பா வெறுங்காலோடு தாரில் நிற்க முடியாமல் எங்கள் கார் நிழலுக்கு வந்தார். ஐந்தே முக்கால் வரை அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்தவள் முதலில் மூக்குத்தியைக் கேட்டாள். அக்கா போனில் முதலில் கேட்டது, "உள்ளே பேனா குடுத்தாங்களாடா?"