மாடி மடலுக்கு ஆள் சேர்த்த கதை

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் மடல் அனுப்பலாம் என்று முடிவு செய்தபோது, எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் தொடங்கிவிட வேண்டும் என்று ஆனி மாத நடுவிலேயே நான்கு மடல்களை எழுதியும் வைத்துவிட்டேன். கடைசியில் எழுத்து தொல்லை தரவில்லை. மடலில் சேரச் சொல்லி முகநூலில் போட்ட பதிவுதான் மூன்று வாரம் என்னைச் சுற்றலில் விட்டது.

முதல் பதிவை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "மாடித்தோட்டம் குறித்த பயனுள்ள தகவல்களை வாரந்தோறும் உங்கள் இன்பாக்ஸில் பெறுங்கள்" என்று தொடங்கி, நான் செடி வளர்க்கத் தொடங்கிய கதையை ஒன்றரைப் பக்கம் நீட்டியிருந்தேன். இணைப்பை முதல் கமெண்டில் போட்டேன். 212 லைக். "அருமை", "வாழ்த்துகள்" என்று வரிசையாகக் கருத்துகள். சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் என் அண்ணன்.

என்ன கோளாறு என்று தெரிய, வாழ்த்துச் சொன்னவர்களில் ஆறு பேரிடம் தனியாகக் கேட்டேன். இருவருக்கு இணைப்பு இருந்ததே தெரியவில்லை. வாழ்த்துகள் குவியக் குவிய என் கமெண்ட் எங்கோ கீழே போய்விட்டது. ஒருவர் இது காசு கட்டும் வகுப்பு என்று நினைத்திருக்கிறார். மற்ற மூவரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொன்னார்கள்: "உங்க பதிவைத்தான் இங்கேயே படிக்கிறோமே, அதில் தனியா என்ன வரும்?" நியாயமான கேள்வி. பதிவில் அதற்குப் பதிலே இல்லை.

இரண்டாவது பதிவில் என் கதையை முழுவதும் வெட்டினேன். அதற்குப் பதிலாக முதல் மடலிலிருந்தே ஒரு துண்டை அப்படியே எடுத்து வைத்தேன். இந்த வாரம் வெண்டை, கொத்தவரை, பீர்க்கன் விதைக்கலாம்; பீர்க்கன் விதையை ஓர் இரவு ஊற வையுங்கள்; செம்பருத்தியில் மாவுப்பூச்சி தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். அதன் கீழே, "இதுபோல ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 6 மணிக்கு வரும். அந்த வாரம் எதை விதைப்பது, எந்தப் பூச்சியைக் கவனிப்பது, வாசகர் ஒருவரின் கேள்விக்குப் பதில், இவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். இலவசம். விதை, உரம் எதுவும் விற்க மாட்டேன். வேண்டாம் என்றால் மடலின் அடியில் உள்ள இணைப்பைத் தொட்டால் நின்றுவிடும்" என்று எழுதினேன். இணைப்பைப் பதிவுக்குள்ளேயே போட்டேன்.

விற்க மாட்டேன் என்ற வரிக்கு நான் எதிர்பார்த்ததைவிட மதிப்பு இருந்தது. தோட்டக் குழுக்களில் விதை வியாபாரிகளிடம் சலித்துப்போனவர்கள் நிறைய.

இந்தப் பதிவுக்கு 74 லைக்தான். ஆனால் படிவத்தை நிரப்பியவர்கள் 131 பேர். சந்தோஷம் ஒரு நாள் நீடித்தது. மறுநாள் கணக்கைத் திறந்தால், உறுதி செய்தவர்கள் 58 பேர் மட்டுமே.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். படிவத்தில் முகவரியைக் கொடுத்ததும் ஆள் பட்டியலில் சேர்ந்துவிடுவதில்லை. அந்த முகவரிக்கு ஓர் அஞ்சல் போகும். அதிலுள்ள பொத்தானைத் தொட்டால்தான் சேர்க்கை முடியும். யாரோ ஒருவர் வேறொருவர் முகவரியைக் கொடுத்துவிடாமல் இருக்கவும், தப்பாக அடித்த முகவரிகள் பட்டியலில் ஏறாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. அதை அணைத்துவிடலாமா என்று ஒரு கணம் சபலம் வந்தது. பட்டியலில் gmail.con என்றும் gamil.com என்றும் முடியும் முகவரிகளைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

சரி, மீதி 73 பேர் எங்கே போனார்கள்? எனக்கே ஓர் அஞ்சல் அனுப்பிப் பார்த்தேன். தலைப்பு Confirm your subscription. அனுப்பியவர் பெயர் என்னுடையதுதான், ஆனால் முழுக்க ஆங்கிலம், நடுவில் ஒரு பெரிய நீலப் பொத்தான். தெரியாத இணைப்பைத் தொடாதே என்று வங்கி முதல் பேரன் வரை சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கும் ஓர் அம்மா அதைத் தொடுவாரா? தொடாமல் இருந்ததுதான் சரி. பலருக்கு அது கண்ணிலேயே படவில்லை. ஜிமெயிலில் Promotions என்ற பகுதிக்குள் போயிருந்தது, சிலருக்கு நேராக Spam.

Spam-க்குப் போனதற்குக் காரணம் நான்தான். அனுப்புநராக என் சாதாரண gmail.com முகவரியைக் கொடுத்திருந்தேன். ஆனால் அஞ்சலை அனுப்புவதோ மடல்களை மொத்தமாக அனுப்பித் தரும் வேறொரு சேவை. ஜிமெயில் பெயரில் வேறு இடத்திலிருந்து வரும் அஞ்சல்களை 2024 முதல் ஜிமெயில் இன்னும் கடுமையாகச் சந்தேகிக்கிறது. டொமைன் எனப்படும் இணைய முகவரி ஒன்றைச் சொந்தமாக வாங்கி, இந்தச் சேவை என் சார்பில்தான் அனுப்புகிறது என்பதற்கான அத்தாட்சி வரிகளை அதில் சேர்த்தேன். சேவைக்காரர்கள் தரும் வரிகளை டொமைன் பக்கத்தில் ஒட்டுவதுதான் வேலை, அரை மணி நேரம் ஆனது. அப்புறம் உறுதி அஞ்சலின் தலைப்பை "மாடி மடல்: நீங்கள்தான் கேட்டீர்களா?" என்று தமிழில் மாற்றினேன்.

பதிவிலும் ஒரு பத்தி கூடியது. "படிவம் நிரப்பியதும் இந்தத் தலைப்பில் ஓர் அஞ்சல் வரும், வராவிட்டால் Promotions, Spam இரண்டிலும் பாருங்கள், பொத்தான் இப்படி இருக்கும்" என்று சொல்லி, ஸ்கிரீன்ஷாட்டையும் போட்டேன். உறுதி செய்யாதவர்களுக்கு ஒரே ஒரு தடவை நினைவூட்டல் போனது. 58 என்பது 97 ஆனது.

"மெயிலெல்லாம் பார்க்க மாட்டேன், வாட்ஸப்பில் அனுப்புங்க" என்று கேட்டவர்கள் தனிக் கூட்டம். யோசித்துப் பார்த்தேன். வாட்ஸப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள், அதிலும் என் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். குழுவாகத் தொடங்கினால் காலை வணக்கப் படங்களுக்குக் காவல் இருக்க வேண்டும். அதனால் மறுத்துவிட்டேன்.

ஆனால் அவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் வேறு. தங்கள் மின்னஞ்சல் முகவரியே அவர்களுக்குத் தெரியாது. போன் வாங்கிய அன்று கடைக்காரரோ பிள்ளையோ உருவாக்கிக் கொடுத்தது. "பிளே ஸ்டோரைத் திறந்து வலது மேல்மூலையில் உள்ள வட்டத்தைத் தொடுங்கள், பெயருக்குக் கீழே இருப்பதுதான் உங்கள் முகவரி" என்று மூன்றாவது பதிவில் எழுதினேன். மடலைப் பற்றி நான் போட்ட பதிவுகளிலேயே அதிகம் பகிரப்பட்டது இந்தப் பதிவுதான், செடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றாலும்.

முதல் மடல் சொன்னபடி சனிக்கிழமை 6 மணிக்குப் போனது. மூன்றாவது மடலில் ஒரு சறுக்கல். ஒருவர் கோபமாக எழுதினார்: "நிறுத்த இணைப்பு இருக்கும் என்றீர்கள், காணோமே?" பார்த்தால் ஜிமெயில் மடலின் வாலை வெட்டியிருந்தது. 102 கேபி அளவைத் தாண்டினால் மீதியை மறைத்துவிட்டு View entire message என்று காட்டும். ஆங்கில எழுத்து ஒரு பைட் என்றால் தமிழில் 'க' மூன்று பைட், 'கொ' ஆறு. அது மட்டுமே 102-ஐ எட்ட வைக்காது. நான் வேர்டில் எழுதி அப்படியே ஒட்டியதில் கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குப்பையெல்லாம் கூடவே வந்திருந்தது. இப்போது வெறும் எழுத்தாக ஒட்டிவிட்டுத்தான் வடிவமைக்கிறேன். நிறுத்தும் இணைப்பை மடலின் தொடக்கத்திலும் ஒரு தடவை வைத்துவிட்டேன். அந்தக் கோபக்காரர் அதைத் தொட்டுப் போய்விட்டார். புரட்டாசியில் கத்தரிக் காய்ப்புழு பற்றிக் கேட்டு எழுதினார், மறுபடியும் சேர்ந்திருக்கிறார்.