புத்தளத்தில் ஏறுபவருக்கு எந்த 24 மணித்தியாலம்?

கொழும்பு - யாழ்ப்பாணம் இரவு பஸ்களுக்கு ஆசனப் பதிவு செய்யும் செயலி ஒன்றில் வேலை செய்தபோது, வாடிக்கையாளர் அனுப்பிய தேவைப் பட்டியலில் ஒரு வரி இருந்தது: "24 மணித்தியாலத்துக்கு முன் ரத்துச் செய்தால் தகுதியுள்ள பயணிகளுக்குக் காசு திருப்பிக் கொடுக்க வேண்டும்."

வாசிக்கும்போது இதில் குழப்பம் எதுவும் தெரியாது. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்கள் ஒவ்வொருவர் மனதிலும் வெவ்வேறு விதி இருந்தது. அதை வெளியே எடுக்க எனக்குத் தெரிந்த வழி, இருக்கும் நிலை, நடக்கும் செயல், வரவேண்டிய விளைவு என்று ஒவ்வோர் உதாரணத்தையும் உடனே கிவன்-வென்-தென் காட்சியாக எழுதத் தொடங்குவதுதான். கிவன் என்ற இடத்தில் "தகுதியுள்ள பயணி" என்று எழுதக் கூடாது. அப்படி எழுதினால் தேவையை இன்னொருமுறை பிரதி எடுத்ததாகத்தான் ஆகும். ஓர் ஆளையும் கிழமையையும் நேரத்தையும் தொகையையும் போட வேண்டும்.

போட்டுப் பார்த்தேன். பஸ் வெள்ளி இரவு 8.30க்கு வெள்ளவத்தையில் வெளிக்கிடுகிறது. பயணி ஏறுவது புத்தளத்தில், நள்ளிரவு தாண்டி 12.10க்கு, அதாவது சனிக்கிழமை. அவர் வியாழன் இரவு 10 மணிக்கு ரத்துச் செய்கிறார். அவர் ஏறும் நேரத்திலிருந்து எண்ணினால் 26 மணித்தியாலமும் 10 நிமிடமும் இருக்கிறது, காசு கிடைக்கும். பஸ் வெளிக்கிடும் நேரத்திலிருந்து எண்ணினால் இருப்பது இருபத்திரண்டரை மணித்தியாலம்; கிடைக்காது.

இதை நானோ டெவலப்பரோ தீர்மானிக்க முடியாது. பஸ் நிறுவனத்தில் பதிவுகளைப் பார்க்கும் அண்ணாவிடம் கேட்டேன். "தம்பி, புத்தளத்தில ஏறுற ஆளின்ட சீட்டையும் நாங்கள் கொழும்பு ஆளுக்குத்தான் திரும்ப விக்கிறது. வெள்ளவத்தையில வெளிக்கிடுற நேரத்தைப் பிடியுங்கோ" என்றார். நியாயமான காரணம். அந்தப் பட்டியலை எத்தனை தடவை வாசித்தாலும் அது வந்திராது. பஸ் தாமதமானால் என்ன செய்வது என்றும் கேட்டுக்கொண்டேன். அட்டவணை நேரம்தான் கணக்கு.

```gherkin
Scenario: சரியாக 24 மணித்தியாலம் இருக்கையில் ரத்து
  Given பஸ் வெள்ளவத்தையில் புறப்படும் அட்டவணை நேரம் வெள்ளி 20:30
  And பயணி புத்தளத்தில் ஏறுவது சனி 00:10
  And அவர் ஆசனத்துக்கு 2500, சேவைக்கு 150 ரூபாய் கட்டியிருக்கிறார்
  When அவர் வியாழன் 20:30க்கு ரத்துச் செய்கிறார்
  Then 2500 ரூபாய்க்கு மீளளிப்புக் கோரிக்கை அனுப்பப்படுகிறது
  And அந்த ஆசனம் மீண்டும் விற்பனைக்கு வருகிறது
```

இரண்டாவது காட்சியில் மாறுவது ஒரு நிமிடம்தான்: 20:31. அதற்கான தென்னில் "0 ரூபாய் அனுப்பப்படுகிறது" என்று எழுதவில்லை. பூச்சியத்துக்குக் கோரிக்கை போக வேண்டுமா, போகவே கூடாதா என்று சோதிப்பவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். கோரிக்கை எதுவும் போகாது, உறுதிசெய்யும் முன்பே "காசு திரும்பாது" என்ற அறிவித்தல் பயணிக்குத் தெரியும், ஆசனம் அப்போதும் விற்பனைக்கு வரும் என்று தனிக் காட்சியாகவே எழுதினோம்.

இந்த எல்லை உதாரணங்கள் நுணுக்கம் பார்ப்பதற்காக மட்டும் இல்லை. நேரத்தை விட்டுவிட்டுத் திகதியை மட்டும் கழித்துப் பார்க்கும் நிரலில் வியாழனுக்கும் வெள்ளிக்கும் ஒரு நாள் வித்தியாசம். 20:31க்கும் காசு போய்விடும். வியாழன் காலையில் ரத்துச் செய்து பார்க்கும் சோதனையில் இது பிடிபடாது. சேவையகம் யூடிசி நேரத்தில் ஓடினால் நம் 20:30 அங்கே 15:00. ஆகவே காட்சிகளில் வரும் நேரமெல்லாம் கொழும்பு நேரம் என்று கோப்பின் தலையிலேயே எழுதிவைத்தோம்.

அதிகம் விவாதித்தது தென் வரியைத்தான். "பயணிக்குக் காசு கிடைக்கிறது" என்று எழுதச் சொல்லி வாடிக்கையாளர் பக்கம் அழுத்தம் வந்தது. அட்டைக்குக் காசு திரும்புவது வங்கியின் கையில் இருக்கிறது, நாட்கணக்கில் ஆகலாம். எங்கள் மென்பொருளால் காட்ட முடிந்தது, சரியான தொகைக்குக் கோரிக்கை போனதும் அதற்குக் கிடைத்த பதிலும்தான். சோதித்துப் பார்க்க முடியாத ஒரு வாக்குறுதியைத் தென்னில் வைத்தால் அந்த வேலை ஒருநாளும் முடிந்ததாகாது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் பதிவு "நிலுவை" என்று நிற்கும், ஆசனம் விடுபடும், கணக்குப் பகுதிக்கு அறிவித்தல் போகும் என்று இன்னொரு காட்சி சேர்ந்தது அந்த வாக்குவாதத்தால்தான்.

பஸ் நிறுவனமே பயணத்தை ரத்துச் செய்தால் 24 மணித்தியாலக் கதையே இல்லை. சேவைக் கட்டணத்தோடு 2,650 ரூபாயும் திரும்பும். அதில் யாருக்கும் கேள்வி இருக்கவில்லை.

நாலு பேருக்கு ஒன்றாக எடுத்த பதிவில் ஒருவர் மட்டும் விலகினால் என்ன செய்வது என்பதற்கு அந்த அண்ணாவிடமும் பதில் இருக்கவில்லை. ஊகித்து எழுதாமல் அதைத் தனி வேலையாகப் பிரித்தோம். இந்த வேலையில், பகுதி ரத்துக் கேட்பவருக்குத் தொலைபேசி இலக்கத்தைக் காட்டுவது என்று ஒரு காட்சி மட்டும் போட்டு அனுப்பினோம்.