மரக்குற்றியும் மேலுதைப்பும்

வன்னியில் உயர்தரம் படித்த எங்களுக்கு, மிதத்தல் பற்றிய பாடம் ஒரு தேக்கங்குற்றியோடுதான் தொடங்கியது. எங்கள் பௌதிகவியல் ஆசிரியர், ஊர்த் தச்சுப் பட்டறையில் நன்கு உலர்ந்த துண்டொன்றை எடுத்து, நீளம் 20, அகலம் 10, உயரம் 6 சென்ரிமீற்றராகச் சீவுவித்துக் கொண்டுவந்திருந்தார். இதை வாளித் தண்ணீரில் விட்டால் எத்தனை பங்கு நீருக்குள் இருக்கும் என்பதே கேள்வி. நீரில் விடுமுன்னரே விடையை எழுதிவைக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

அசையாமல் மிதக்கும் குற்றியில் இரண்டு விசைகளே தாக்குகின்றன: கீழ்நோக்கி அதன் நிறை, மேல்நோக்கி நீரின் மேலுதைப்பு. நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடுவதால் குற்றியின் அடிமுகத்தை நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. பக்கமுகங்களில் படும் தள்ளல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. இவற்றின் தேறிய விளைவு, குற்றி இடம்பெயர்த்த நீரின் நிறைக்குச் சமன் என்பதே ஆக்கிமிடீசின் தத்துவம். இவ்விடத்தில் எங்களிற் பலர் குற்றியின் முழுக் கனவளவையும் மேலுதைப்புக்குள் எழுதிவிட்டோம். ஆசிரியர் கரும்பலகையில் நீர்மட்டக் கோட்டைத் தடிப்பாகக் கீறி, "பிள்ளையள், மேலே நிக்கிற துண்டு எந்தத் தண்ணியை விலத்தினது?" என்று கேட்டார். அந்தக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதியை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அத்துடன் விளங்கியது.

அதன்பின் சமநிலையை எழுதுவது எளிது. குற்றியின் கனவளவு V, மூழ்கிய கனவளவு v, மரத்தின் அடர்த்தி d, நீரின் அடர்த்தி D, புவியீர்ப்பு ஆர்முடுகல் g எனின்,

V d g = v D g, ஆகவே v/V = d/D.

இரு பக்கத்திலும் g நீங்கிவிடுகிறது. குற்றியின் பருமனும் வடிவமும் விடையில் இல்லை. எனவே அதே மரத்தில் பெரியதொரு தீராந்தியை வெட்டி இரணைமடுக் குளத்தில் மிதக்கவிட்டாலும் மூழ்கும் பங்கு மாறாது.

தராசில் குற்றி 780 கிராம் காட்டியது. கனவளவு 1200 கன சென்ரிமீற்றர் ஆகையால் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 0.65 கிராம், நீருக்கு அது 1 கிராம். ஆகவே மூழ்கும் பங்கு 0.65. அகன்ற முகம் கீழாக மிதக்கையில் 6 சென்ரிமீற்றர் உயரத்தில் 3.9 நீருக்குள்ளும் 2.1 வெளியிலும் இருக்க வேண்டும். மரத்தின் ஓரத்தில் நீர் சற்று ஏறி ஒட்டிக்கொள்வதால், அந்த விளிம்பை அளக்காமல், கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தித் தட்டையான மட்டத்தையே வாசிக்குமாறு ஆசிரியர் வற்புறுத்தினார்.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த மாணவனொருவன் ஒரு கலன் கடல்நீர் கொண்டுவந்தபோதுதான் பாடம் கூர்மையடைந்தது. கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. பங்கு 0.634 ஆகக் குறைய, ஆழம் 3.8 சென்ரிமீற்றராகிறது. வேறுபாடு ஒரு மில்லிமீற்றர் மட்டுமே. குற்றியின் அடிப்பரப்பு 200 சதுர சென்ரிமீற்றர் என்பதால், நன்னீரில் அதை ஒரு மில்லிமீற்றர் மேலும் அமிழ்த்த 20 கிராம் போதும். உலர்ந்த மரம் நெடுநேரம் நீரில் கிடந்தால் அவ்வளவு நீரைக் குடித்துவிடுவது அரிதன்று. அப்போது 800 கிராமாகிவிட்ட குற்றி நன்னீரில் 4 சென்ரிமீற்றரும் கடல்நீரில் 3.9 சென்ரிமீற்றரும் அமிழும். முன்பு நன்னீரில் அளந்த 3.9 உடன் அதை ஒப்பிடுபவர், உப்பினால் எந்த மாற்றமும் இல்லையென்றே முடிவு செய்வார். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும். குற்றிக்கு மெல்லிய மெழுகுப் பூச்சுக் கொடுத்தால் நீர் புகுவது பெருமளவு தடைப்படும்.

விசைகள் சமப்படுவது வேறு, நிலைத்து நிற்பது வேறு என்பதையும் அக்குற்றியே காட்டியது. அதை நெட்டாக, 20 சென்ரிமீற்றர் பக்கம் நிலைக்குத்தாக நிறுத்தினாலும் கணக்குப்படி 13 சென்ரிமீற்றர் மூழ்கிச் சமநிலை எய்தலாம். ஆனால் கையை விட்டவுடன் சரிந்து அகன்ற முகத்துக்கே வந்துவிடும். சரிந்த பின்னரும் மூழ்கிய பங்கு அதே 0.65 தான்.

இச்சமன்பாட்டுக்கு எல்லையும் உண்டு. எங்கள் காடுகளின் பாலை மரம் நீரைவிட அடர்த்தி கூடியது. அதன் அடர்த்தியை 1.1 எனக் கொண்டால் விடை ஒன்றை மீறிவிடும். முழுக் கனவளவையும்விடக் கூடுதலாக மூழ்க இயலாதாகையால் மிதக்கும் சமநிலையே அங்கு இல்லை. அதே அளவுள்ள பாலைக்குற்றி 1320 கிராம் இருக்கும். முழுதும் மூழ்கினாலும் நீர் 1200 கிராமுக்குரிய நிறையையே தாங்கும். எஞ்சிய 120 கிராமுக்குரிய நிறையை வாளியின் அடி தாங்குகிறது. குற்றியை நூலில் கட்டி, நீருக்குள்ளேயே அடியிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடித்தால், விற்றராசு காட்டுவதும் அந்த 120 கிராமைத்தான்.